முருங்கைக்காய் எட்டுக் கிலோதான் வந்திருக்கு

பாரிஸ் நகரின் வடக்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் லா ஷப்பல் இருக்கிறது. ஈழத்தமிழர்கள் 1980களிலிருந்து கடை போட்டு, உணவகம் வைத்து, தங்கள் ஊராக ஆக்கிக்கொண்ட பகுதி. அருகிலேயே மாணிக்க விநாயகர் ஆலயம் உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் முடிவிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ அந்தத் தேர் தெருவில் இறங்கும்போது, ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து தமிழர்கள் வந்து சேர்கிறார்கள். தேருக்கு முந்தைய நாள்களில் பலர் மச்சம் தொடுவதில்லை. அதனால் உணவகங்களில் மரக்கறிச் சாப்பாட்டுக்குத்தான் கூட்டம்.

அதே நாள்களில் விமானத்தில் காய்கறிக்கு இடம் குறைகிறது. ஆசியாவிலிருந்து பாரிஸுக்கு வரும் காய்கறியில் பெரும்பகுதி பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில்தான் வருகிறது. ஆகஸ்டில் விடுமுறைப் பயணிகளின் பெட்டிகள் அந்த இடத்தை நிரப்பிவிடும். மிச்ச இடம்தான் சரக்குக்கு. மரக்கறிக்குத் தேவை ஏறும் வாரமும் விமானத்தில் இடம் சுருங்கும் வாரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. அந்த வாரத்தில் ஓர் உணவகத்துக்கும் அதற்குச் சரக்கு தரும் இறக்குமதியாளருக்கும் இடையே போகும் மின்னஞ்சல்களைக் கூர்ந்து படித்தால், வெளிநாட்டுத் தமிழ்ச் சமையல் எப்படி நடக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

ஐம்பது பேர் உட்காரக்கூடிய ஓர் உணவகத்தை எடுத்துக்கொள்வோம். தேர் ஞாயிற்றுக்கிழமை. சரக்கு வந்து சேர வேண்டியது அதற்கு முந்தைய வியாழன். இறக்குமதியாளருக்கு ஆர்டர் போக வேண்டியது அதற்கும் முந்தைய ஞாயிறு இரவு. பல உணவகங்கள் அனுப்பும் ஆர்டர் இப்படித்தான் இருக்கும்: முருங்கைக்காய் 20 கிலோ, சின்ன வெங்காயம் 15 கிலோ, வல்லாரை 6 கிலோ, செத்தல் மிளகாய் 10 கிலோ, பெருங்காயம் 2 கிலோ. முடிந்தது. இந்த ஆர்டரில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஒரு பொருள் குறைந்துவிட்டால் இறக்குமதியாளருக்கு இது எந்த வழியும் காட்டாது. முருங்கைக்காய் எந்தக் கறிக்கு, எவ்வளவு குறைந்தால் தாங்கும், அதற்குப் பதிலாக எதைத் தரலாம், எதைத் தரவே கூடாது என்பதெல்லாம் சமையல்காரரின் தலைக்குள் இருக்கும். கடிதத்தில் இருக்காது. அதனால் இறக்குமதியாளர் தன் கிடங்கில் எது அதிகமாகக் கிடக்கிறதோ அதை அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை என்பது என் கருத்து. அவரிடம் கேட்டது ஒரு காயின் பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே.

அனுபவப்பட்ட ஒருவர் எழுதினால் அந்த மின்னஞ்சல் வேறு மாதிரி இருக்கும்.

"அண்ணை, வணக்கம். தேர் கிழமைக்கான ஓடர் இது. வியாழன் மத்தியானத்துக்கு முந்திச் சாமான் வேணும்.

முருங்கைக்காய் 20 கிலோ. இதிலை 8 கிலோ பிரட்டலுக்கு, அது பச்சைக்காயாத்தான் இருக்கவேணும். 9 கிலோ சாம்பாருக்கு, பச்சை இல்லையெண்டால் உறைய வைச்சது பரவாயில்லை. மிச்சம் 3 கிலோ இல்லாட்டிலும் சமாளிப்பன்.

சின்ன வெங்காயம் 15 கிலோ. இல்லையெண்டால் ஒண்டும் மாத்தி அனுப்பாதேங்கோ, எனக்கு முதலே சொல்லுங்கோ, இஞ்சை வாங்குவன்.

வல்லாரை 6 கிலோ, சம்பலுக்கு. வெள்ளி பின்னேரத்துக்குப் பிறகு வந்தால் வேண்டாம்.

செத்தல் மிளகாய் 10 கிலோ, போன முறை தந்த அதே குண்டூர் வகை. காஷ்மீரி வேண்டாம்.

பெருங்காயம் 2 கிலோ. வேறை கொம்பனி எண்டால் லேபிளைப் படமெடுத்து முதலே அனுப்புங்கோ.

செவ்வாய் இரவுக்குள்ளை எது வரும், எது வராது எண்டு ஒரு வரி போட்டால் போதும்."

இந்தக் கடிதத்தின் உயிர் கடைசி வரியில் இருக்கிறது. ஏன் செவ்வாய் இரவு என்று புரிந்துகொள்ள, சென்னையில் பெட்டி கட்டும் இடத்துக்குப் போக வேண்டும்.

2019 டிசம்பர் 14 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் ஏறக்குறைய எல்லாப் பச்சைக் காய்கனிகளுக்கும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், துரியன், பேரீச்சம்பழம் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. தேருக்கு உடைக்கும் தேங்காய் இந்தக் கவலையில் சேராதது நல்ல காலம். மற்ற காய்களை அதிகாரிகள் பார்த்து, பூச்சி இல்லை என்று உறுதிசெய்து, எந்தச் செடியின் எந்தப் பகுதி எவ்வளவு என்று எழுதிச் சான்றிதழ் தருகிறார்கள். விமானம் இறங்கும் முன்பே அந்த விவரங்களை இறக்குமதியாளர் ஐரோப்பியக் கணினிப் பதிவில் ஏற்றியிருக்க வேண்டும்.

இதன் விளைவு நேரடியானது. சான்றிதழ் எழுதப்படும்வரை, முருங்கைக்காய் குறைந்தால் அந்த இடத்தில் வெண்டைக்காயோ அவரைக்காயோ வைக்கலாம். எழுதப்பட்ட பிறகு ஒரு பெட்டியைக்கூட மாற்ற முடியாது. சான்றிதழில் இல்லாத காய் பெட்டிக்குள் இருந்தால் பாரிஸ் விமான நிலையத்தில் சரக்கு நின்றுவிடும். அதனால் மாற்றுப் பொருள் பற்றிய முடிவுக்கு மூன்று கெடு உண்டு. முதலாவது, ஊரில் சான்றிதழ் எழுதும் முன். இரண்டாவது, சரக்கு வந்தபின் இறக்குமதியாளரின் குளிர்கிடங்கிலிருந்து. மூன்றாவது, உள்ளூர்ச் சந்தையிலிருந்து. மூன்றாவதுக்கும் நேரம் வேண்டும். பாரிஸின் தெற்கே இருக்கும் ரூஞ்சிஸ் மொத்தச் சந்தை நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கி மதியத்துக்கு முன்பே அடங்கிவிடும் இடம். வியாழன் மதியம் பெட்டியைத் திறந்து பார்த்துக் கவலைப்பட்டால் அன்றைய சந்தை போய்விட்டது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்கள் 2014ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மே 1 முதல் இந்திய மாம்பழம், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. அதற்கு முந்தைய ஆண்டில் இந்தியாவிலிருந்து வந்த 207 சரக்குகளில் பழ ஈ போன்ற பூச்சிகள் பிடிபட்டதே காரணம். மாம்பழத்துக்கான தடை 2015இல் நீங்கியது. காய்களுக்கு அதன் பிறகும் நீடித்தது. புடலங்காய்க் கூட்டு இல்லாத மாதங்களை அப்போது உணவகம் நடத்தியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கத்தரிக்காய், பாகற்காய் இரண்டையும் இன்றும் அதிகாரிகள் உற்றுப் பார்ப்பது பழ ஈக்காக மட்டுமல்ல. காம்பின் அடியிலும் முட்களின் இடையிலும் ஒளிந்துகொள்ளும், கண்ணுக்கு மிகச் சிறிய இலைப்பேனுக்காகவும்தான்.

பூச்சி ஒரு பக்கம், பூச்சிமருந்து இன்னொரு பக்கம். இந்திய முருங்கைக்காய், இந்தியக் கறிவேப்பிலை, இலங்கை வல்லாரை, இலங்கைப் பொன்னாங்காணி ஆகியவற்றில் மருந்தின் எச்சம் அனுமதித்த அளவைத் தாண்டியதாகப் பலமுறை தெரியவந்ததால், அவற்றைக் கூடுதல் சோதனைப் பட்டியலில் வைத்தார்கள். எல்லாப் பெட்டியையும் சோதிப்பதில்லை. வரும் சரக்குகளில் ஒரு விகிதத்தை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். உங்கள் சரக்கு அந்த விகிதத்தில் விழுந்தால் முடிவு வரும்வரை எல்லையிலேயே நிற்கும். அதற்குச் சில நாள்கள் ஆகலாம். முருங்கைக்காய் அந்த நாள்களைப் பொறுத்துக்கொள்ளும். வல்லாரை பொறுக்காது. சோதனையில் தேறி வந்தாலும் மஞ்சளாகி, தண்டு கொழகொழத்துத்தான் வந்து சேரும். மேலே உள்ள கடிதத்தில் வல்லாரைக்கு மட்டும் "வெள்ளி பின்னேரத்துக்குப் பிறகு வந்தால் வேண்டாம்" என்று எழுதியதன் பொருள் இதுதான்.

கறிவேப்பிலை ஆர்டரிலேயே இல்லாததை நீங்கள் கவனித்திருக்கலாம். எலுமிச்சைக் குடும்ப மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் ஒரு நோயைப் பரப்பும் சிறு பூச்சி, கறிவேப்பிலைச் செடியிலும் வாழ்கிறது. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் உள்ள ஆரஞ்சுத் தோப்புகளைக் காப்பதற்காக, அந்த நோய் உள்ள நாடுகளின் பச்சை இலைக்கு ஐரோப்பிய விதிகள் வழிவிடுவதில்லை. ஆகவே இந்த உணவகத்தில் உறைய வைத்த இலைதான். அதைப் பனி உருகவிட்டுப் பயன்படுத்தினால் கறுத்துக் கூழாகிவிடும். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சூடான எண்ணெயில் போட வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்று போட வேண்டும், பனி எண்ணெயில் பட்டுத் தெறிக்கும். உலர்ந்த இலையில் மணம் எதுவும் மிஞ்சுவதில்லை. அதைப் போடுவதைவிடப் போடாமல் இருப்பது நல்லது. பிரியாணி இலையை இதற்கு மாற்றாகச் சொல்பவர்கள் இரண்டையும் முகர்ந்து பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

இனி அந்த வாரம் நடந்ததைப் பார்ப்போம். செவ்வாய் மாலை விமான நிறுவனம், முன்பதிவு செய்த எடையில் ஒரு பகுதியைத்தான் ஏற்றுவோம் என்று சென்னை ஏற்றுமதியாளருக்குச் சொல்கிறது. இப்படி ஆகும்போது முருங்கைக்காய்தான் பெரும்பாலும் அடிபடும். விமானச் சரக்குக் கூலி எடைக்கு மட்டுமில்லை, அடைக்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான். ஒரு கன மீட்டர் இடத்தைப் பிடிக்கும் சரக்கை, எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும், 167 கிலோ என்றே கணக்கிடுகிறார்கள். நீளப் பெட்டியில் காற்றையும் சேர்த்துச் சுமக்கும் முருங்கைக்காய்க்கு உண்மையான எடையைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். இடம் குறைந்தால் முதலில் இறக்கிவைக்கத் தோன்றும் பெட்டி அதுதான். 4 கிலோப் பெட்டி ஐந்து போக வேண்டியதில் இரண்டுதான் சான்றிதழில் ஏறியது. செவ்வாய் இரவு இறக்குமதியாளர் எழுதுகிறார்:

"தம்பி, முருங்கைக்காய் எட்டுக் கிலோதான் வந்திருக்கு எண்டு நினைச்சுக்கொள்ளும், மிச்சத்துக்கு பிளேனிலை இடம் இல்லை. உறைஞ்சது 400 கிராம் பக்கற் என்னட்டை இருக்கு. சின்ன வெங்காயம் இந்த முறை ஈரமாம், நான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். வெள்ளைக் குட்டி வெங்காயம் இருக்கு, அனுப்பவோ? வல்லாரை கொழும்பிலையிருந்து வருது, சோதினைக்கு நிண்டால் நான் பொறுப்பில்லை. செத்தல் குண்டூர் இருக்கு. பெருங்காயம் பழைய கொம்பனி முடிஞ்சுது, புதுசின்ரை லேபிள் இதோடை இருக்கு."

நல்ல பதில். எது இல்லை, ஏன் இல்லை, கையில் என்ன இருக்கிறது என்ற மூன்றும் இருக்கிறது. இப்போது உணவகத்தின் முறை. ஒவ்வொன்றாக முடிவெடுக்க வேண்டும்.

முருங்கைக்காயில் சிக்கல் குறைவு, ஏனென்றால் எந்தக் கறிக்கு எவ்வளவு என்பது முதலிலேயே எழுதப்பட்டிருந்தது. வரும் 8 கிலோவும் பிரட்டலுக்கு. பிரட்டலில் காயை எண்ணெயில் வதக்கி, மசாலா ஒட்டும்வரை பிரட்ட வேண்டும். உறைந்த காயை உறைய வைக்கும் முன்பே கொதிநீரில் சிறிது நேரம் போட்டெடுத்திருப்பார்கள். அதன் சதை ஏற்கெனவே இளகியிருப்பதால் வதக்கும்போது நாராகப் பிரிந்துவிடும். சாம்பாரில் அந்தக் கவலை இல்லை. ஒரே மாற்றம், பச்சைக்காயைப் போல ஆரம்பத்தில் போடாமல், பருப்பும் புளியும் சேர்ந்து கொதித்த பிறகு கடைசியில் போட வேண்டும்.

எத்தனை பாக்கெட் என்று கேட்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 9 கிலோப் பச்சைக்காய்க்கு 9 கிலோ உறைந்த காய் என்று எழுதிவிடுவார்கள். முழுக்காயில் இரு முனையும் நாரும் போக ஐந்தில் ஒரு பங்கு கழிவு என்று வைத்தால், 9 கிலோவில் சட்டிக்குப் போவது 7.2 கிலோ. உறைந்த காய் நறுக்கிச் சுத்தம் செய்தே வருகிறது. 400 கிராம் பாக்கெட் 18 இருந்தால் 7.2 கிலோ. மேலே படிந்த பனியின் எடைக்காக இரண்டு சேர்த்து 20 பாக்கெட். எடை 8 கிலோதான். 9 கிலோ கேட்டிருந்தால் இரண்டு, மூன்று பாக்கெட் வீணாக வந்திருக்கும். மிச்சம் 3 கிலோ முருங்கைக்காய்க் குழம்பு அந்த வாரப் பலகையிலிருந்து எடுக்கப்படுகிறது.

சின்ன வெங்காயத்தில் இறக்குமதியாளர் சொன்ன மாற்று பொருந்தாது. வெள்ளைக் குட்டி வெங்காயம் பார்க்க அதே அளவு. உள்ளே நீர் அதிகம், காரம் குறைவு. குழம்பில் வெந்ததும் இனித்துக் கரைந்துவிடும். ஆனால் இங்கே பிரான்சுக்கே ஒரு வரம் இருக்கிறது. பிரெத்தாஞ் பகுதியில் விளையும் எஷலோத் வெங்காயம் நம் சின்ன வெங்காயத்துக்கு நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே இனத்துச் செடி, கொத்தாக விளைபவை. பிரெஞ்சு வகை அளவில் பெரியது, காரம் சற்று மென்மை. அரைத்துப் போடும் இடத்தில் அப்படியே போடலாம். முழுதாகப் போடும் வத்தக்குழம்புக்கு, வேர்ப்பகுதி ஒட்டியிருக்கும்படி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் இதழ் பிரியாமல் வேகும். இதை இறக்குமதியாளரிடம் வாங்கத் தேவையே இல்லை. புதன் இரவு ரூஞ்சிஸுக்குப் போகும் யாரிடமாவது சொன்னால் வியாழன் காலை கடைவாசலில் இருக்கும். உள்ளூரில் நல்ல மாற்று இருக்கும் பொருளை விமானத்தில் வரவழைத்துத்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மிளகாயில் இந்த முறை குழப்பம் வராததற்குக் காரணம், வகையின் பெயர் எழுதப்பட்டிருந்ததுதான். "செத்தல் மிளகாய் 10 கிலோ" என்று மட்டும் இருந்திருந்தால் காஷ்மீரி வந்திருக்கலாம், தேஜாவும் வந்திருக்கலாம். முதலாவது நிறம் தரும், உறைப்புத் தராது. இரண்டாவது குண்டூர்ச் சன்னத்தைவிட நன்றாக உறைக்கும். மூன்றுக்கும் சிவப்பு நிறம், மூன்றும் ஒரே மாதிரிச் சாக்கு. சட்டியில் போட்டு ருசி பார்க்கும்வரை அடுப்படிக்குத் தெரியாது. வகையை மாற்ற வேண்டி வந்தால் முதல் நாள் அரைக்கிலோவை மட்டும் வறுத்து அரைத்து, பழைய தூளோடு வைத்து ருசி பார்த்த பிறகே அளவை முடிவுசெய்ய வேண்டும்.

இனிப் பெருங்காயம். இரண்டு கிலோதானே, எந்தக் கம்பெனி என்றால் என்ன என்று தோன்றும். இந்த முழுப் பட்டியலிலும் உண்மையான ஆபத்து ஒளிந்திருக்கும் வரி இதுதான். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் முழுக்கப் பிசின் இல்லை. பிசினோடு மாவு சேர்த்தே தூளாக்குகிறார்கள். சில கம்பெனிகள் அரிசி மாவு சேர்க்கின்றன. பல கம்பெனிகள் கோதுமை அல்லது மைதா சேர்க்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், உணவில் இருக்கக்கூடிய 14 ஒவ்வாமைப் பொருள்களைச் சாப்பிடுபவருக்குத் தெரிவிப்பது கட்டாயம். கோதுமையின் குளூட்டன் அதில் ஒன்று. நம் கடுகும் எள்ளும்கூட அந்தப் பதினான்கில் அடக்கம். பிரான்சில் உணவகங்கள் இந்தத் தகவலை எழுத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

இந்த உணவகம் தன் தோசைக்கும் சாம்பாருக்கும் குளூட்டன் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறது. அது பழைய பெருங்காயத்தில் அரிசி மாவு இருந்ததை வைத்து எழுதியது. இறக்குமதியாளர் அனுப்பிய புதிய லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டாவது பொருளாகக் கோதுமை மாவு இருக்கிறது. லேபிளைக் கேட்காமல் இருந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத ஒருவர் தட்டில் அந்தச் சாம்பார் போயிருக்கும். சமையல்காரருக்கு ருசியில் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. அதனால்தான் ருசிக்கான மாற்றையும் பாதுகாப்புக்கான மாற்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். முருங்கைக்காயில் தவறினால் கறி கெடும். இதில் தவறினால் ஒரு மனிதர் உடம்பு கெடும். கூட்டுப் பெருங்காயம், கறித்தூள், ஊறுகாய், அப்பளம், மாசி சேர்த்த சம்பல் ஆகிய கலவைப் பொருள்களில் கம்பெனி மாறினால் லேபிளைப் படிக்காமல் சம்மதம் சொல்லக்கூடாது.

புதன் காலை உணவகம் அனுப்பிய பதில்:

"அண்ணை, பச்சை முருங்கைக்காய் 8 கிலோவும் உறைஞ்சது 20 பக்கற்றும் அனுப்புங்கோ. குட்டி வெங்காயம் வேண்டாம், நான் இஞ்சை எடுக்கிறன். செத்தல் குண்டூர் 10 கிலோ சரி. புதுப் பெருங்காயத்திலை கோதுமை மா இருக்கு, அது வேண்டாம். அரிசி மா போட்டது அரைக்கிலோ கிடைச்சாலும் போதும், இல்லையெண்டால் பெருங்காயம் இல்லாமலே சமாளிப்பன். வல்லாரை சோதினைக்கு நிண்டால் ஓடரைக் கான்சல் பண்ணுங்கோ."

வல்லாரை சோதனைக்கு நின்றது. சம்பலுக்கு என்ன செய்வது? புலம்பெயர்ந்த வீடுகளில் பார்ஸ்லியைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சம்பல் போடும் வழக்கம் உண்டு. வல்லாரையின் கசப்பும் வாசமும் இல்லாவிட்டாலும் நல்ல சம்பல்தான். ஆனால் பலகையில் வல்லாரைச் சம்பல் என்று எழுதி இதைப் பரிமாறக்கூடாது. பார்ஸ்லிச் சம்பல் என்று எழுத வேண்டும். வல்லாரைக்காக லியோனிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்து உட்காரும் ஒரு மூதாட்டி முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்காதவரிடமும் அது பொய்தான்.

வியாழன் மதியம் சரக்கு வந்து இறங்கும்போது இன்னொரு வேலை தொடங்குகிறது. அவசரத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடக்கூடாது. பச்சை முருங்கைக்காய்ப் பெட்டியைத் திறந்து, பெட்டி இல்லாமல் காயை மட்டும் நிறுக்க வேண்டும். அட்டையும் ஈரத்தாளும் சேர்த்து 4 கிலோ காட்டும் பெட்டியில் காய் மூன்றரைக் கிலோ இருப்பது உண்டு. காயைக் கையில் எடுத்து முறுக்கினால் இளங்காய் வளைந்து கொடுக்கும். முற்றினது விறைத்து நிற்கும், விதை புடைத்துத் தெரியும். பிரட்டலுக்கு அது உதவாது. உறைந்த பாக்கெட்டைக் குலுக்கிப் பார்க்க வேண்டும். துண்டுகள் தனித்தனியாகச் சலசலத்தால் நல்லது. ஒரே கட்டியாக இருந்தால் வழியில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, மைனஸ் 18 டிகிரி எங்கேயோ காக்கப்படவில்லை. சட்டியில் போட்டதும் அது கரைந்துவிடும்.

இந்த முறை 20 பாக்கெட்டில் 3 கட்டியாக இருந்தன. சரக்குச் சீட்டிலேயே "3 பாக்கெட் ஏற்கவில்லை, கட்டி" என்று எழுதி, ஓட்டுநரிடமும் கையெழுத்து வாங்கி, பாக்கெட்டையும் அதன் தொகுதி எண்ணையும் சேர்த்துப் படமெடுத்து, அன்று மாலைக்குள் மின்னஞ்சல் போய்விட்டது. கேட்டது ஒரே ஒரு விஷயம்: அந்த 3 பாக்கெட்டின் விலையை இந்தப் பற்றுச்சீட்டிலேயே கழிக்க வேண்டும். "அடுத்த முறை கூடப் போட்டு விடுறன்" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை ஏற்காமல் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. அடுத்த வாரம் யார் எதைக் கூட்டினார், கழித்தார் என்று இருவருக்கும் நினைவிருக்காது.

இந்தப் புகார் அன்றே போக வேண்டியதற்குக் காரணம் இறக்குமதியாளரின் பிடிவாதம் அல்ல. அவரும் தனக்கு அனுப்பியவரிடம் கேட்டாக வேண்டும். பச்சைக் காய்கறியில் சரக்கு கைக்கு வந்து ஒரு நாள் தாண்டினால், கெட்டது வழியிலா கிடங்கிலா உணவகத்துக் குளிர்பெட்டியிலா என்று யாராலும் நிறுவ முடியாது. திங்கட்கிழமை வரும் புகாரைத் தன் கைக்காசில்தான் அவர் தீர்க்க வேண்டியிருக்கும். அதனால் அவர் மறுக்கிறார், அதைத் தவறென்று சொல்ல முடியாது. வியாழன் மாலையே படத்தோடு வந்த புகாரை அவர் அப்படியே மேலே அனுப்பினார். வெள்ளி காலை கழிவுச்சீட்டு வந்தது. கூடவே அரிசி மாவு போட்ட பெருங்காயம் அரைக்கிலோவும்.